இருநூறு எழுத்துக்குள் ஒரு தறி

லிங்க்ட்இன்ல ஒருத்தருக்கு கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பும்போது கூடவே ஒரு சின்ன நோட் எழுதலாம். இலவசக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு அதில் 200 எழுத்துதான் இடம். அதனால், முன்னாடியே எழுதி வைத்த மெயிலை எடுத்து, வெட்டி வெட்டி 200-க்குள் அடைத்தால் போதும் என்றுதான் நம்ம செட்ல பல பேர் செய்றாங்க. ப்ளேஸ்மென்ட் சீசன்ல ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து இந்த வெட்டு வேலையைப் பார்க்காதவங்க கிடையாது. என் அனுபவத்தில், மெயிலை வெட்டக் கூடாது, பிரிக்கணும். ஏன், எப்படி என்பதை நான் அனுப்பிய ஒரே ஒரு நோட்டை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு ஊர் படவேடு. ரேணுகாம்பாள் கோவிலுக்கு வந்திருப்பீங்க. ஆரணிப் பட்டு தெரியும்னா எங்க பக்கமும் கொஞ்சம் தெரியும். என் பெரியப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறார். அவர் தறி மேல இருப்பது அட்டை போட்ட ஜக்கார்டு பெட்டி. புடவைக் கரையில் வரும் டிசைனுக்கு ஓட்டை குத்திய அட்டைகள் மாலை மாதிரி கோர்த்துத் தொங்கும். ஊடை ஒரு தடவை போக ஒரு அட்டை. டிசைன் மாறினால் மொத்த மாலையையும் மாற்றணும். இதுக்குப் பதிலா எலக்ட்ரானிக் பெட்டி வைத்தால் அட்டையே வேண்டாம், டிசைன் மெமரியில் இருக்கும். பெரியப்பாவுக்கு ஆசைதான். ஆனா கடன் வாங்கித்தான் வைக்கணும், அதனால் அவருக்கு ஒரு பயமும் இருக்கு: "பாதியில கரண்ட் போனா என்னடா ஆகும்? அட்டைன்னா விட்ட இடத்துல அப்படியே நிக்கும்." இந்தக் கேள்விதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆச்சு.

இதற்கு அனுபவப் பதில் சொல்லக்கூடிய ஒருத்தர் இருந்தார். கைத்தறிகளில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்தும் வேலையில் இருக்கும் ஒரு இன்ஜினியர். அந்த வேலையைப் பற்றி லிங்க்ட்இன்ல தமிழிலேயே ஒரு பதிவு போட்டிருந்தார். அவருக்கு ஐந்து பத்தியில் ஒரு மெயில் தயாரா இருந்தது. ஆனால் அவர் மெயில் ஐடி எங்கேயும் இல்லை, கம்பெனி தளத்தில் பொதுவான ஒரு முகவரிதான் இருந்தது. அவரிடம் நேராகப் போக இருந்த ஒரே வழி அந்த 200 எழுத்து.

மெயிலில் இருந்த ஐந்து பத்தி இவை. முதல் பத்தி நான் யார், எந்தக் காலேஜ், எந்தத் துறை. இரண்டாவது, அவருக்கு ஏன் எழுதுகிறேன். மூன்றாவது, ப்ராஜெக்ட் என்ன. நான்காவது, மூன்று கேள்விகள். ஐந்தாவது, ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன், இன்டர்ன்ஷிப் இருந்தால் சொல்லுங்கள். மெயிலாகப் பார்த்தால் இது சரியான வரிசைதான். மெயிலைத் திறப்பவருக்கு நாம் யாரென்றே தெரியாது, எல்லாத்தையும் அந்த ஒரு பக்கமே சொல்லணும்.

லிங்க்ட்இன்ல நிலைமை வேறு. நம்ம ரிக்வெஸ்ட் அவர் திரையில் வரும்போது நோட் மட்டும் தனியாக வராது. நம்ம பெயர், போட்டோ, பெயருக்குக் கீழே இருக்கும் ஹெட்லைன், இரண்டு பேருக்கும் தெரிந்தவங்க யாராவது இருந்தால் அந்த விவரம், எல்லாம் சேர்ந்தே வரும். அப்படி இருக்க, "வணக்கம், என் பெயர் இன்னார், நான் இந்தக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன்" என்று நோட்டைத் தொடங்கினால் இருக்கிற இடத்தில் பாதி போச்சு. அதுவும் அவர் கண்ணுக்கு முன்னாடி ஏற்கெனவே இருக்கும் தகவலுக்காக.

அதனால் முதல் பத்தி ஹெட்லைனுக்குப் போனது. அங்கே முதலில் வெறும் "மாணவர்" என்றும் காலேஜ் பெயரும் இருந்தது. அதை "இறுதியாண்டு ஈஈஈ, கைத்தறி ஜக்கார்டு கன்ட்ரோலர் ப்ராஜெக்ட்" என்று மாற்றினேன். ஹெட்லைனுக்கு 200 எழுத்துக் கணக்கு கிடையாது, அதற்குத் தனி இடம். அதாவது நோட்டைத் தொடாமலேயே ஒரு வரி கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

ஐந்தாவது பத்தி, அதாவது ரெஸ்யூமே, முழுசா வெளியே போனது. நோட்டில் ஃபைல் இணைக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இன்டர்ன்ஷிப் என்ற வார்த்தை வந்தவுடனே அவர் எடுக்க வேண்டிய முடிவு பெரிசாகிடும். "இந்தப் பையனைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டால் போதும் என்ற இடத்தில் "இவனுக்கு வேலை வாங்கித் தரணுமா?" என்று யோசிக்க வைக்கும்.

நான்காவது பத்தியின் மூன்று கேள்விகளும் நோட்டில் இல்லை. இதுதான் பல பேருக்கு ஒத்துக்க முடியாத இடம். "கேள்வி கேட்கத்தானே மச்சி அனுப்புற?" என்று என் ரூம்மேட்டே கேட்டான். ஆனால் கனெக்ட் ஆன பிறகு மெசேஜ் அனுப்பக் காசு கிடையாது, 200 எழுத்துக் கட்டுப்பாடும் கிடையாது. நோட்டின் வேலை கதவைத் திறக்க வைப்பது மட்டும். கேள்விக்கு இடம் கதவுக்கு உள்ளே.

மிச்சம் இருந்தது இரண்டும் மூன்றும்தான்: ஏன் உங்களிடம், எதைப் பற்றி. அதை வைத்து எழுதிய நோட் இது.

"சார், கைத்தறிக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்தியது பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். ஊர் படவேடு. பெரியப்பா பட்டுத்தறி நெய்கிறார். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதே என் ப்ராஜெக்ட். இணையலாமா?"

அவர் பதிவு தமிழில் இருந்ததால் நோட்டும் தமிழில். ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு கணக்கு இருக்கு. நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்தாகத் தெரிவது யூனிகோடுக்கு இரண்டாக இருக்கும். புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். பைத்தானில் போட்டுப் பாருங்கள்:

```
len("நன்றி")   # 5
```

கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்குக்கு ஐந்து. மேலே இருக்கும் நோட்டை அதே மாதிரி எண்ணினால் 196 வரும். அதனால் தமிழ் நோட்டைக் கண்ணால் பார்த்து "சின்னதுதான்" என்று முடிவு பண்ண வேண்டாம். முதலில் எண்ணிட்டுப் பிறகு பெட்டியில் ஒட்டுங்கள்.

இந்தக் கணக்கில் "பெரியப்பா பட்டுத்தறி நெய்கிறார்." என்ற வரிக்கு மட்டும் 32 போகுது. ரூம்மேட் அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னான். நான் எடுக்கவில்லை. "உங்கள் பதிவைப் படித்தேன்" என்று யார் வேண்டுமானாலும் நூறு பேருக்கு ஒட்டி அனுப்பலாம். தறி இருக்கிற வீட்டுப் பையன் என்பதை அப்படி ஒட்ட முடியாது. ஒரு வரியை வைக்கலாமா எடுக்கலாமா என்று சந்தேகம் வந்தால், அதே வரி வேறு யாருக்காவது பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் எடுத்துடலாம்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை சில. இலவசக் கணக்கில் மாதத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவு நோட்தான் அனுப்ப முடியும். அதனால் யாருக்கு என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். பரிந்துரைப் பட்டியலில் தெரியும் `Connect`-ஐத் தட்டினால் பல நேரம் கேட்காமலே நோட் இல்லாத ரிக்வெஸ்ட் போயிடும். அவர் ப்ரொஃபைல் பக்கத்துக்கே போய், `Add a note` வருகிறதா என்று பார்த்து அனுப்புவது நல்லது. அனுப்பிய நோட்டைத் திருத்தவும் முடியாது. திரும்பப் பெறலாம், ஆனால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டி வரும்.

மூன்றாம் நாள் அவர் ஏற்றுக்கொண்டார். அன்று சாயங்காலமே மெசேஜ் அனுப்பினேன். மூன்று கேள்வியில் ஒன்று மட்டும், அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய மாதிரி:

"நன்றி சார். டிசைன் ஓடும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால், பெட்டி விட்ட ஊடையிலிருந்தே தொடருமா, இல்லை நெசவாளரே எண்ணி நகர்த்த வேண்டுமா? ஒரு வரி போதும்."

"எலக்ட்ரானிக் ஜக்கார்டு பற்றி விளக்க முடியுமா" என்று கேட்டிருந்தால் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து டைப் பண்ணணும். நல்ல மனசு இருந்தாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளி வைத்து, அது அப்படியே போயிடும். ரிக்வெஸ்ட் ஏற்றுக்கொண்ட பிறகும் பதில் வரவில்லை என்றால், பெரும்பாலும் நோட் அதன் வேலையைச் செய்துவிட்டது, கேள்விதான் பெரிசு. ஏற்றுக்கொள்ளாமலே வாரக்கணக்கில் கிடந்தால் நோட்டையும் ஹெட்லைனையும் திரும்பப் பார்க்கணும், இல்லை அவர் லிங்க்ட்இன் பக்கமே வராதவராக இருக்கலாம். அவர் கடைசியாக எப்போ பதிவு போட்டார் என்று பார்த்தால் இது தெரிந்துடும்.

ராத்திரியே பதில் வந்தது. அவங்க பெட்டி கடைசி ஊடை எண்ணை மெமரியில் வைத்துக்கொள்ளுமாம், கரண்ட் வந்ததும் அங்கிருந்தே தொடருமாம். அதோடு நான் கேட்காத ஒன்றையும் சொன்னார்: "பெட்டி எண்ணுறது மிதியைத்தான் தம்பி. நாடா உள்ள போச்சான்னு அதுக்குத் தெரியாது."

இதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிதியை அழுத்தியாச்சு, பாவு பிரிந்து வழி விட்டாச்சு, நாடாவை விடுறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு என்றால், பெட்டி கணக்கில் அந்த ஊடை முடிந்தது, துணியில் அது இல்லை. அப்படியே தொடர்ந்தால் டிசைனில் ஒரு இழை குறையும். நான் எண்ணை சேமிப்பது பற்றி மட்டுமே டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போ அதில் ஒரு அடி பின்னாடி போகும் பட்டனும், கடைசி ஊடை எண்ணைக் காட்டும் சின்ன டிஸ்ப்ளேவும் சேர்ந்திருக்கு. நெசவாளர் துணியைப் பார்த்து அவரே முடிவு பண்ணலாம்.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "நாடா போச்சான்னு நான் பார்த்துக்கிறேன், அதுக்குத்தானே கண்ணு இருக்கு. எண்ணு மறக்காம இருந்தா போதும்" என்றார். கடன் வாங்குவதா என்று அவர் இன்னும் முடிவு பண்ணவில்லை. மீதி இரண்டு கேள்வியும் என்னிடம் அப்படியே இருக்கு. அடுத்ததாக, அந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைத்தான் கேட்கப் போகிறேன்.