பதினாலு நிமிஷம்

காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரைக்கும் நம்மில் பாதிப் பேருடைய போன் சைலண்ட்டில்தான் கிடக்கும். லேப் இருக்கிற நாள் என்றால் ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பைக்குள் போட்டுவிடுவோம். நமக்கு அது பழகிப்போன விஷயம். ஆனால் "உங்க பையனுக்கு ஆக்சிடென்ட்", "உங்க பொண்ணு எங்ககிட்ட இருக்கா" என்று வீட்டுக்குப் போன் போட்டுப் பணம் பறிக்கிறவனுக்கு அந்த ஏழு மணி நேரம்தான் தொழில் நேரம். அம்மா நமக்குப் போன் போட்டால் நாம் எடுக்க மாட்டோம் என்பதில்தான் அவன் பிழைப்பே இருக்கிறது.

2024 செப்டம்பர் 30-ஆம் தேதி உத்தரப் பிரதேசம் ஆக்ராவில் நடந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. புரொஃபைல் படத்தில் போலீஸ் உடை. கல்லூரியில் படிக்கிற மகள் ஒரு பாலியல் வழக்கில் மாட்டிக்கொண்டாள், உடனே ஒரு லட்சம் அனுப்பினால் கேஸ் இல்லாமல் விட்டுவிடுகிறோம் என்றான். அவர் பதறிப்போய் மகனுக்குப் போன் செய்தார். மகன் நிதானமாக அந்த நம்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். +92 என்று தொடங்கியது. அது பாகிஸ்தானின் எண், நம்முடையது +91. தங்கையிடமும் பேசி, அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று அம்மாவுக்குச் சொன்னார். பணம் போகவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய அந்த அம்மா உடம்பு சரியில்லை என்று சொல்லி, அன்றே இறந்துபோனார்.

இதைப் படித்தபோது என் மனதில் நின்றது ஒன்றுதான். பொய் என்று தெரிந்துவிட்டது, ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, ஆனாலும் அந்தப் பயம் உடம்பைவிட்டு இறங்கவில்லை. அதனால் 'ஏமாறாமல் இருப்பது எப்படி' என்பது மட்டும் கேள்வி இல்லை. பயம் வந்த நொடிக்கும் பிள்ளையின் குரலைக் காதால் கேட்கிற நொடிக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் போகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் அது பதினாலு நிமிஷம்.

வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். நான் சிதம்பரத்தில் ஹாஸ்டல். நடுவில் 45 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போன செமஸ்டரில் ஒரு நாள் காலை 11.08-க்கு அம்மாவுக்கு அந்த அழைப்பு வந்தது. நான் லேபில் இருந்தேன்.

"சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன்மா. உங்க பையன் பைக்ல போய் ஒரு ஆளை இடிச்சிட்டான். அவனுக்கும் தலையில அடி. அந்த ஆளு வீட்டுக்காரங்க இங்கதான் நிக்கிறாங்க. நாப்பதாயிரம் குடுத்தா கேஸ் இல்லாம முடிச்சிடலாம். போனை மட்டும் வெச்சிடாதீங்க."

பின்னாலிருந்து "அம்மா... அம்மா..." என்று ஓர் அழுகுரல். அம்மா உடனே "பாபு! டேய் பாபு!" என்று கத்தியிருக்கிறார். அதிலிருந்து அந்த ஆள் என்னைப் 'பாபு' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். அவர்தான் அம்மாவின் காதோரம், "அவன் ஐடி கார்டுல என்ன பேரு இருக்குன்னு கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா கேட்டதற்கு வந்த பதில், "அதான் பாபுன்னு சொல்றேனேம்மா!" பாபு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஐடி கார்டில், ஆதாரில், எதிலுமே அது கிடையாது. அக்காவுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்ததுதான், ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. "பொய்யாவே இருக்கட்டும்க்கா, எனக்கு அவன் குரலைக் கேக்கணும்" என்று அழுதிருக்கிறார்.

அக்கா தன் போனில் புதுச்சேரியில் படிக்கிற அவர் மகனைக் கூப்பிட்டு, அவனிடமிருந்து என் ரூம்மேட் நம்பரை வாங்கினார். ரூம்மேட் வேறு பேட்ச். லேப் பிளாக் வரைக்கும் நடந்து வந்து, லேப் அசிஸ்டெண்ட்டிடம் சொல்லி என்னை வெளியே கூப்பிட்டான். 11.22-க்கு நான் "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னேன். அதற்குள் அந்த ஆள் நாற்பதாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்கு இறங்கியிருந்தான்.

அன்று ராத்திரி கால் லாக்கை வைத்துக்கொண்டு அந்தப் பதினாலு நிமிஷத்தைப் பிரித்துப் பார்த்தேன். அக்கா வந்து விஷயம் புரிய மூன்று நிமிஷம். நம்பர் கிடைக்க நாலு நிமிஷம். ரூம்மேட் நடந்து வர ஐந்து. லேபிலிருந்து நான் வெளியே வரவும், பேசவும் இரண்டு.

இதில் கொடுமையானது அந்த நாலு நிமிஷம்தான். என் நண்பர்கள் நம்பர் எல்லாம் அம்மாவிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது இருந்த போன் அம்மாவின் காதில் இருந்தது! "போனை வெச்சிடாதீங்க" என்பதன் முழு அர்த்தமும் இதுதான். அவன் அம்மாவைப் பேச்சில் மட்டும் பிடித்து வைக்கவில்லை. பிள்ளையைத் தேட அவரிடம் இருந்த ஒரே கருவியையும் பிடித்து வைத்துக்கொண்டான்.

அழுகுரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணத் தொலைபேசி இணைப்பு ரொம்ப காலமாக ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும்தான் கடத்தியது. அதில் தெளிவாகப் பேசினால் ஆளை அடையாளம் தெரியும். விம்மி அழுதால், யாருடைய அழுகையும் யாருடையதாகவும் கேட்கும். மிச்சத்தைத் தாயின் மனசே நிரப்பிக்கொள்ளும். இப்போது ஒருவரின் குரலையே போலியாகச் செய்யவும் முடிகிறது. அதனால் 'என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா' என்பதை ஆதாரமாக வைக்கவே கூடாது.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2023-இல் ஒரு தாய்க்கு இப்படித்தான் நடந்தது. மகள் அழுகிற குரல், பிறகு ஒரு மிரட்டல். முதலில் பத்து லட்சம் டாலர் கேட்டவன் ஐம்பதாயிரத்துக்கு இறங்கினான். அவர் அழைப்பில் இருக்கும்போதே, பக்கத்தில் இருந்த மற்ற அம்மாக்கள் அவசர எண்ணுக்கும் அவருடைய கணவருக்கும் போன் செய்தார்கள். சில நிமிஷத்தில் மகள் பத்திரமாக இருப்பது தெரிந்தது. பின்னர் அவர் அமெரிக்க செனட் குழு முன் இதைச் சாட்சியமாகவே சொன்னார். அரிசோனாவிலும் சரி, திருப்பாதிரிப்புலியூரிலும் சரி, காப்பாற்றியது இரண்டாவது ஆளும் இரண்டாவது போனும்தான். இரண்டு இடத்திலும் அவன் பேரம் பேசினான் என்பதையும் கவனியுங்கள். தொகை இறங்கினாலே அது ஆஸ்பத்திரி பில்லும் இல்லை, கோர்ட் அபராதமும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்தது சின்ன வேலை. ஒரு தாளில் மூன்று நம்பர் எழுதி, காலண்டருக்குப் பின்னால் ஒட்டினோம். போனில் அல்ல, தாளில். ஒன்று, என்னோடு அதே வகுப்பில், அதே லேப் பேட்சில் இருக்கிற நண்பன். இரண்டு, டிபார்ட்மெண்ட் ஆபீஸ் லேண்ட்லைன். அட்டெண்டர் அண்ணன் நேரே லேபுக்கு வந்து கூப்பிட முடியும். மூன்று, ஹாஸ்டல் வார்டன். ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு நாள் சோதித்தும் பார்த்தோம். என் போன் ஆஃபில் இருக்க, மூன்று நிமிஷத்துக்குள் அம்மாவிடம் பேசிவிட்டேன்.

வீட்டில் யாரும் இல்லாமல் அம்மா தனியாக இருந்தால்? அப்போது அழைப்பைத் துண்டித்துவிட்டு, தாளைப் பார்த்துப் போன் செய்ய வேண்டியதுதான். 'வெச்சா அடிப்போம்' என்பான். பணம் வேண்டுமென்றால் அவன் மறுபடியும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வெளியே ஓடிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதும் நல்லதுதான். அழைப்பில் இருக்கும்போது பிள்ளையின் பெயரை நாம் சொல்லக் கூடாது. இன்ஸ்டாகிராமில் இல்லாத ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம், பாட்டி வீட்டு மாட்டின் பெயர் மாதிரி. ஆனால் 'மயக்கத்துல இருக்கான்' என்று சொல்லிவிட்டால் கேள்வி பலிக்காது. அப்போதும் அந்த மூன்று நம்பர்தான் வழி. மூன்றிலும் ஆள் கிடைக்கவில்லை என்றால் 112.

"நிஜமாவே அடிபட்டிருந்தா? பணம் கட்டலன்னா வைத்தியம் பார்க்க மாட்டாங்களே?" என்று அம்மா கேட்டார். நியாயமான பயம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்குச் சட்ட நடைமுறைக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 108 ஆம்புலன்ஸ் இலவசம். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. ஒருவரின் ஜிபே நம்பருக்குப் பத்து நிமிஷத்தில் பணம் வராவிட்டால் உயிர் போய்விடும் என்கிற நிலைமை அங்கே கிடையாது. 'எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு' என்று கேட்டு, வைத்துவிட்டு, நாமே அந்த ஆஸ்பத்திரி எண்ணைத் தேடி விசாரிக்கலாம். போலீஸும் அப்படித்தான். சிதம்பரத்தில் டவுன், தாலுகா, அண்ணாமலை நகர் என்று தனித்தனி ஸ்டேஷன்கள் இருக்கின்றன. 'எந்த ஸ்டேஷன்?' என்றாலே பாதிப் பேர் தடுமாறுவான்.

+92 என்று வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் +91 என்று வந்தால் நிம்மதி அடைய முடியாது. உள்ளூர் சிம்மிலிருந்தும் பேசுகிறார்கள்.

பணம் போய்விட்டால், அழுவதற்கு முன் 1930. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். அடுத்தடுத்த கணக்குக்கு மாற்றிவிட்டால் பிடிப்பது கஷ்டம். cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் போகாமல் மிரட்டல் மட்டும் வந்திருந்தால், sancharsaathi.gov.in தளத்தில் 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யலாம்.

ஹாஸ்டல் நண்பர்களே, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது துணி மூட்டையோடு அந்த மூன்று நம்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள். லேப் பேட்ச் செமஸ்டருக்கு செமஸ்டர் மாறும். தாளில் முதல் நம்பரையும் அப்போதெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.