பூனையின் கண்ணில் தெரிவது தப்பித்த வெளிச்சம்

முப்பது வருடம் அறிவியல் வகுப்பு எடுத்ததில், பிள்ளைகள் அதிகம் கேட்ட கேள்விகளில் ஒன்று: "சார், ராத்திரியில பூனைக் கண்ணு எப்படி எரியுது?" நேற்று பேரனும் அதையே கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பூனையின் கண்ணுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. கும்மிருட்டான அறையில் பூனை இருந்தால் கண்ணும் சேர்ந்தே இருட்டாகத்தான் இருக்கும். டார்ச்சை உங்கள் புருவத்துக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள், கண் பளிச்சென்று தெரியும். கையை நன்றாகப் பக்கவாட்டில் நீட்டி அதே டார்ச்சை அடியுங்கள், ஒளிர்வு மங்கிவிடும். காரணம், போன வெளிச்சம் ஏறக்குறைய போன வழியிலேயே திரும்பி வருகிறது. அந்த வழியில் நம் கண் இருந்தால்தான் தெரியும்.

திருப்பி அனுப்புவது யார்? கண்ணுக்குள் நுழையும் ஒளி, பின்பக்கம் இருக்கும் விழித்திரையில் விழுகிறது. அங்கே ஒளியை உணரும் செல்கள் உண்டு. குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல் வடிவச் செல்கள். அவை தம்மீது விழும் ஒளி முழுவதையும் பிடித்துவிடுவதில்லை, ஒரு பகுதி நழுவிப் பின்னால் போய்விடும். மனிதக் கண்ணில் அப்படி நழுவிய ஒளியைப் பின்னால் இருக்கும் கருநிறப் படலம் உறிஞ்சிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது.

பூனைக்கு அந்த இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. டபீட்டம் லூசிடம் என்று பெயர். தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அமைந்த படலம் அது. அந்தச் செல்களுக்குள் ரிபோஃப்ளேவின் (நாம் வைட்டமின் பி2 என்கிறோமே, அதுதான்) நிறைந்த நுண்ணிய குச்சிகள் வரிசையாக இருக்கும். நழுவி வந்த ஒளியை அது அதே விழித்திரைக்குத் திருப்பி அனுப்புகிறது. முதல் தடவை தவறவிட்ட ஒளியைப் பிடிக்க அந்தச் செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு! இதோடு அகலமாக விரியும் பாவையும், ஏராளமான கோல் செல்களும் சேர்வதால், நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குப் போதும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. திரும்பும் ஒளி கொஞ்சம் சிதறும், அதனால் பிம்பத்தின் கூர்மை குறையும். நமக்குத் தெளிவாகத் தெரியும் நுணுக்கம் பூனைக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாய்ப்பிலும் பிடிபடாமல் வெளியே வருகிற மிச்ச ஒளிதான் நம் டார்ச்சில் தெரியும் பளபளப்பு. அப்படியானால், பிடிக்கும் செல்கள் அழிந்துபோனால் என்ன ஆகும்? மிச்சம் கூடும். கண் இன்னும் அதிகமாக ஒளிரும்!

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது. மாடி வீடு, பூனை வெளியே போகாது, எலி பிடிக்க வழியில்லை. மூன்று வருடமாகத் தயிர்சாதமும் பாலும்தான். "எங்க பூனைக்குக் கண்ணு வைரம் மாதிரி மின்னுது" என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்வார். பிறகுதான் கவனித்தார்கள், நட்டநடுப் பகலிலும் பாவை விரிந்தே இருந்தது. நாற்காலியை இடம் மாற்றினால் பூனை போய் முட்டிக்கொண்டது. கால்நடை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தார். விழித்திரை மெலிந்து, பின்னால் உள்ள கண்ணாடி அளவுக்கு மீறிப் பளபளத்தது.

காரணம் டாரின் என்னும் சத்துக் குறைவு. மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. தாவர உணவில் அநேகமாக இல்லை, பாலிலும் மிகக் குறைவு. நாய் தன் உடம்பிலேயே அதைத் தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. இந்தக் குறையால் பூனையின் விழித்திரை அழியும் என்று 1975-லேயே ஆய்வில் கண்டுவிட்டார்கள். அழிவு விழித்திரையின் நடுப்பகுதியில் தொடங்கி மெல்லப் பரவும், அதனால் வெகுநாள் வெளியே தெரியாது. உணவை மாற்றினால் மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம். போன செல்கள் திரும்பாது. அந்தப் பூனைக்கும் பாதிப் பார்வைதான் மிஞ்சியது.

இருட்டில் கண் மின்னுவது மட்டும் நோயல்ல. நல்ல பகல் வெளிச்சத்தில் பாவை ஒரு கோடு போல ஒடுங்குகிறதா என்று பாருங்கள். ஒடுங்காமல் விரிந்தே இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கண் அழுத்தம், ரத்த அழுத்தம் போன்றவற்றாலும் அப்படி ஆகலாம்.

பூனைக்கு மீன் வேகவைத்துப் போடுபவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். அதையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வையுங்கள்.