நான் மறைத்த மூன்று நகர்த்தல்கள்

பீளமேட்டில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆட்டம் ஒன்றை வகுப்பில் பல வருடம் பொய்யாகக் காட்டி வந்திருக்கிறேன்.

பொள்ளாச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. எனக்கு ஒரு குதிரை குறைவு. ஆனால் d வரிசையில் சிப்பாய் எதுவும் இல்லை. அந்த வரிசையில் இரண்டு யானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினேன். ஒற்றை யானை என்றால் எதிராளி தன் யானையை எதிரே கொண்டுவந்து வெட்டுக்கொடுத்து வழியை அடைத்துவிடுவார். பின்னால் இன்னொன்று நின்றால் வரிசை நம் கையில்தான் இருக்கும். முன் யானை d7-க்குப் போய் b7 சிப்பாயை அடித்தது. பின் யானையும் d7-க்கு ஏறியது. h3 தள்ளி ராஜாவுக்கு ஏற்கெனவே ஒரு ஜன்னல் திறந்து வைத்திருந்ததால், பின்வரிசை மேட் பயம் இல்லாமல் இரண்டையும் அனுப்ப முடிந்தது.

கறுப்பு ராஜா g8-ல், அவர் யானை f8-ல். சிப்பாய்கள் a7, f6, g7, h7. இன்னொரு யானை c2-ல், குதிரை c4-ல். ஆட வேண்டியது நான்.

நான் a7 சிப்பாயை அடித்தேன். இலவசமாகக் கிடைக்கிறதே என்ற ஆசை, வேறொன்றுமில்லை. அவர் f8 யானையை e8-க்கு நகர்த்தினார். அப்புறம் g7, h7 இரண்டையும் அடித்தும் ராஜா f8 கட்டம் வழியாகத் தப்பிக்கொண்டே இருந்தது. செக், செக் என்று சொல்லிச் சொல்லி டிராவில் முடிந்தது. ஏழாம் வரிசையில் இப்படி மேட்டைக் காணாமல் மேயும் யானைகளைத்தான் போலந்து வீரர் யானோவ்ஸ்கி குருட்டுப் பன்றிகள் என்றாராம்.

அதை வகுப்பில் "குதிரை குறைவாக இருந்தும் ஏழாம் வரிசையால் தப்பித்த ஆட்டம்" என்று பெருமையாக வைத்தேன். a7-ஐ அடித்த பிறகான நிலையிலிருந்துதான் எப்போதும் தொடங்குவேன். போன மாதம் அவசரத்தில் ஒரு நகர்த்தல் முன்பே காய்களை அடுக்கிவிட்டேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"ஏனுங்க சார், d7 யானைல g7-ஐ அடிச்சா ராஜா h8 போகோணும். அதே யானைல h7-ஐ அடிச்சா திரும்ப g8. அப்ப b7 யானை g7-க்கு வந்தா மேட்டுங்களா?"

மேட்தான். f8-ல் அவர்கள் யானையே நிற்கிறது. ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. ஒன்றையொன்று காக்கும் யானைகளில் எதையும் ராஜாவால் அடிக்க முடியாது. a7-க்கு நான் செலவழித்த அந்த ஒரு நகர்த்தலில்தான் f8 காலியானது.

அவளிடம் "அப்போது நேரம் குறைவும்மா" என்றேன். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. அந்த மேட்டை வீடு திரும்பும் பஸ்ஸிலேயே கண்டுவிட்டேன். அன்றிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை.

இந்தச் சனிக்கிழமை அதே நிலையை மறுபடி அடுக்கி, a7-ஐ அடித்தது யார், ஏன் என்று அவள் முன்னால் சொல்லப்போகிறேன்.