பத்து லட்சத்தில் ஒன்று

அகராதியைப் பிரித்துப் பொருள் பார்த்த ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம். பிரெஞ்சு வாத்தியார் எல்லாச் சொல்லையும் ஒரே தட்டில் வைத்துத்தான் கேள்வி கேட்பார். எழுபதைத் தாண்டிய பிறகு அது கட்டுப்படியாகவில்லை. இப்போது ஒரு சொல்லை அகராதியில் பார்த்தால், அது எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.

அதற்கு கூகுளில் ஒரு பக்கம் இருக்கிறது: books.google.com/ngrams. லட்சக்கணக்கான பழைய, புதிய புத்தகங்களை ஸ்கேன் செய்து எண்ணி வைத்திருக்கிறார்கள். மொழியைப் பிரெஞ்சு என்று மாற்றிக்கொண்டு சொல்லைத் தட்டினால் ஆண்டுவாரியாக ஒரு கோடு வரும். ஓரத்தில் சதவீதம் இருக்கும். அதில் இருக்கும் பூஜ்யங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 0.001% என்றால் லட்சம் சொல்லுக்கு ஒன்று. 0.0001% என்றால் பத்து லட்சத்துக்கு ஒன்று. இன்னொரு பூஜ்யம் கூடினால் கோடிக்கு ஒன்று.

இதை என் வாசிப்போடு பொருத்திக் கணக்குப் போட்டேன். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படிக்கிறேன். பக்கத்துக்கு முந்நூறு சொல் என்றால் மூவாயிரம். ஆகவே லட்சத்தில் ஒன்று என்றால் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை என் கண்ணில் படும். பத்து லட்சத்தில் ஒன்று, வருடத்துக்கு ஒரு தடவை. கோடியில் ஒன்று வர ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். என் வயதில் ஒன்பது வருடம் காத்திருந்து ஒரு சொல்லைச் சந்திப்பதென்றால், அதற்குள் மறந்துபோயிருக்கும், அல்லது நானே இருக்கமாட்டேன்! அப்படிப்பட்ட சொல்லுக்குப் பென்சிலால் ஓரத்தில் பொருள் எழுதுவதோடு சரி.

சமீபத்தில் ஜூல் வெர்னின் 'கேப்டன் கிராண்டின் பிள்ளைகள்' நாவலை மறுபடி எடுத்தேன். ஆரம்பத்திலேயே கப்பலின் பாய்மரங்களை வர்ணிக்கிறார். அதில் 'மிசேன்' என்று ஒரு சொல். பள்ளியில் படித்ததாக நினைவில்லை. தட்டிப் பார்த்தேன்:

```
misaine,parapluie
```

தெரிந்த ஒரு சொல்லைப் பக்கத்தில் போடுவது என் வழக்கம். 'பாராப்ளுயி', அதாவது குடை, எனக்கு அளவுகோல். கோட்டின் வலது ஓரத்தைத்தான், அதாவது அண்மைக் காலத்தைத்தான், பார்க்க வேண்டும். அங்கே மிசேன் குடைக்கு வெகு கீழே கிடக்கிறது. கப்பலில் பாய் கட்டியவர்கள் போன பிறகு அந்தச் சொல்லுக்கும் வேலை குறைந்துவிட்டது.

என் கணக்குப்படி விட்டுவிடலாம். ஆனால் விடவில்லை. காரணம், ஆங்கிலத்தில் 'மிசன்' என்ற கிட்டத்தட்ட இதே சொல் கப்பலின் பின்பக்கப் பாய்மரத்தைக் குறிக்கும். பிரெஞ்சு மிசேனோ முன்பக்கத்து மரம். இரண்டு மொழியும் படிக்கிறவன் கப்பலையே திருப்பிப் போட்டுவிடுவான். இந்த மாதிரிப் பொறி இருக்கும் சொல்லுக்கு மட்டும் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. தவிர, ஒரே புத்தகத்தில் ஒரு சொல் நாலைந்து தடவை வந்தால் அந்தப் புத்தகம் முடியும்வரையாவது அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஊருக்கே அரிதான சொல் ஒரு நாவலில் அடிக்கடி வரலாம்.

இந்த எண்ணிக்கையில் சில ஓட்டைகள் உண்டு. ஒருமை, பன்மை, பெரிய எழுத்து எல்லாவற்றையும் அது வேறு வேறு சொல்லாக எண்ணுகிறது. பன்மையையும் சேர்க்க parapluie+parapluies என்று கூட்டல் குறி போட வேண்டும். வினைச்சொல்லானால் இன்னும் சிரமம், பிரெஞ்சு வினை எத்தனை உருவம் எடுக்கும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஒரே எழுத்தில் இரண்டு பொருள் இருந்தால் பிரித்தும் காட்டாது. 'க்ரெஃப்' என்றால் கோர்ட்டின் பதிவு அலுவலகம். பால் மாறினால் செடிக்கு ஒட்டுப் போடுவது, சிறுநீரக மாற்றும் அதுதான். ஒட்டு, சிறுநீரகம், கோர்ட்டுக் கட்டு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

பெரிய ஓட்டை வேறு. 1950களில் பிரான்சில் ழோர்ழ் குகென்ஹைம் என்ற பேராசிரியரின் குழு, மக்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை எண்ணியது. வெளிநாட்டாருக்கு முதலில் எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கத்தான். பார்த்தால், முள்கரண்டி மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பொருள்களின் பெயர்கள் பட்டியலில் மிகக் கீழே கிடந்தன. தினமும் அதால்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆகவே பள்ளிப் பிள்ளைகளிடம் சமையலறை, உடை என்று தலைப்புக் கொடுத்து, நினைவுக்கு வரும் சொற்களை எழுதச் சொல்லி, அப்படிக் கிடைத்தவற்றையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

நானும் அதையே செய்கிறேன். கையால் தொடும் பொருளின் பெயரானால் எண்ணிக்கை எதுவானாலும் நோட்டில் ஏற்றிவிடுவேன். வர்ணனைச் சொற்கள், பழைய சட்டச் சொற்கள், இலக்கிய அலங்காரங்கள் மட்டும் குடையோடு போட்டி போட்டு ஜெயித்தாக வேண்டும். போன மாதம் அகராதியில் பார்த்தவை நாற்பதுக்கு மேல். நோட்டில் ஏறியவை ஒன்பது, மிசேனையும் சேர்த்து.