விடுமுறைக் கடிதமும் பாசறைக் கட்டணமும்

பாடசாலைகளில் மாணவர் எழுதும் கடிதங்களுள் பெரும்பாலானவை எவருக்கும் போய்ச் சேர்வதில்லை. வெளிநாட்டு நண்பனுக்குத் தன் ஊரை வருணித்து எழுதும் கடிதமும், நூலகம் அமைத்துத் தருமாறு பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதும் கடிதமும் புள்ளியிடப்பட்டு அப்பியாசக் கொப்பியிலேயே உறங்கிவிடுகின்றன. சாரணர் பாசறைக்குச் செல்ல விரும்பும் மாணவன் அதிபருக்கு எழுதும் விடுமுறைக் கடிதமோ அவ்வாறானதன்று. எழுதுபவனுக்கு அதனால் உண்மையாகவே ஒன்று ஆகவேண்டியிருக்கிறது. அக்கடிதத்தை வைத்து ஒருவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போகிறார். எனவே அதை இலக்கணப் பயிற்சியாக மட்டும் கருதும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

வன்னியில் ஒரு சிறிய பாடசாலை. தரம் பத்தில் பயின்ற மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் வகுப்பாசிரியர் ஊடாக அதிபரிடம் செல்லவேண்டியதாக இருந்தமையால் முதலில் நமது கைக்கு வந்தது. கடிதம் வழமையான அச்சில் வார்க்கப்பட்டிருந்தது. மலைநாட்டில் நடைபெறவுள்ள ஐந்து நாட் சாரணர் பாசறையில் பங்குபற்ற இருப்பதால் ஐந்து நாட்கள் விடுமுறை தந்துதவுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதாகவும், அதற்கு என்றென்றும் நன்றியுடையவனாக இருப்பதாகவும் எழுதி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன்' என்று முடித்திருந்தான். இந்தக் கீழ்ப்படிவு வெள்ளைக்காரத் துரைமாருக்கு எழுதப்பட்ட உத்தியோகக் கடிதங்களின் எச்சம். துரைமார் போய் எத்தனையோ காலமாகியும் நமது பிள்ளைகள் அதை இன்னும் பார்த்தெழுதி வருகின்றனர். அது கிடக்கட்டும். கடிதத்தின் குறை பணிவு மிகுந்ததில் இல்லை. அதிபர் முடிவெடுப்பதற்கு வேண்டிய செய்தி எதுவும் அதில் இல்லை என்பதே குறை.

முதலில் நாட்கணக்கைப் பார்ப்போம். பாசறை வியாழக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை முடிகிறது. ஐந்து நாட்கள் என்பது சரிதான். ஆனால் சனியும் ஞாயிறும் பாடசாலை நாட்கள் அல்ல. அவற்றுக்கு விடுமுறை கேட்பது அதிபரிடம் இல்லாத பொருளை அவரிடம் கேட்பதாகும். மறுபுறத்தில், வன்னியிலிருந்து மலைநாடு செல்ல ஓர் இரவுப் பயணம் வேண்டும். புதன்கிழமை பாடசாலை விட்டபின் மாலையில் புறப்படலாம். ஆகையால் அந்த நாள் பழுதாகாது. திரும்பும்போதோ திங்கள் பிற்பகல் கூடாரங்களைக் கழற்றிக் கட்டி, இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து, செவ்வாய் விடியலில் ஊர் சேர்வார்கள். அன்று எந்தப் பிள்ளை வகுப்பில் கண் திறந்திருக்கும்? எனவே உண்மையில் வேண்டிய விடுமுறை வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் ஆகிய நான்கு நாட்கள். மாணவன் கேட்ட ஐந்தில் இரண்டு நாட்கள் தேவையற்றவை; தேவையான செவ்வாய்க்கிழமையோ கடிதத்திலேயே இல்லை. வரவு இடாப்பில் அந்தச் செவ்வாய் அனுமதியின்றி வராத நாளாகவே பதியப்பட்டிருக்கும். தரம் பத்தில் இது பெரிதாகத் தோன்றாது. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டுமென்ற நிபந்தனை எதிர்ப்படும்போதுதான் இத்தகைய நாட்களை விரல் விட்டு எண்ண நேரும். பாசறையின் நாட்கள் வேறு, பாடசாலை இழக்கும் நாட்கள் வேறு என்பதைக் கடிதம் எழுதுமுன் ஒரு நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது, கேட்கப்படும் பொருள். மாணவன் 'விடுமுறை' என்று மட்டும் எழுதியிருந்தான். காய்ச்சல் வந்தவனும் விடுமுறைதான் கேட்கிறான். அவன் தன் வீட்டில், தாயின் பொறுப்பில் இருக்கிறான். பாசறைக்குச் செல்பவனோ பாடசாலையின் பெயரால், சீருடை அணிந்து, வேறொரு மாவட்டத்தில் இரவு தங்குகிறான். அவனுக்கு விடுமுறையோடு அனுமதியும் வேண்டும். அனுமதி கொடுக்கும் அதிபர், அவன் யாருடன் செல்கிறான், எங்கே தங்குகிறான், எப்போது திரும்புகிறான் என்பவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்படுகிறார். கடேற் பாசறையில் இந்தச் சிக்கல் பொதுவாகக் குறைவு. அழைப்பும் பெயர்ப்பட்டியலும் படையணியின் ஒழுங்கில் பாடசாலைக்கு வருவதால் மாணவனின் கடிதம் பெரும்பாலும் ஒரு சம்பிரதாயமாகவே இருக்கும். சாரணனின் கடிதத்துக்கு அந்த முதுகெலும்பு எப்போதும் கிடைப்பதில்லை. உடன் செல்லும் ஆசிரியரின் பெயரையும் புறப்படும் நேரத்தையும் அவனே எழுதவேண்டும்.

மூன்றாவது செய்தி கடிதத்தில் இல்லை. அவனுடைய வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் வகுப்பின் கடைசி வாங்கில் அவன் மூச்சிரைப்பது கேட்கும். மலைநாட்டுக் குளிரில், ஈரத் தரையில் விரித்த படங்கின்மேல் நான்கு இரவுகள் படுக்கப் போகிறவன் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "எழுதினால் விடமாட்டினம், சேர்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளைகளை நாமும் அறிவோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது, எந்தப் பையில் எந்த மருந்து இருக்கிறதென்று பொறுப்பாசிரியருக்குத் தெரியாதிருந்தால் என்ன ஆகும்? நோயை எழுதுவதோடு அதற்குச் செய்த ஏற்பாட்டையும் சேர்த்து எழுதினால், மறுப்பதற்கான காரணமாகத் தோன்றியதே அனுமதிப்பதற்கான காரணமாக மாறிவிடும். அவனுக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

மறுநாள் கடிதத்தை அவன் புதிதாக எழுதி வந்தான். அதன் உடற்பகுதி இவ்வாறு அமைந்திருந்தது:

"சாரணர் பாசறையில் பங்குபற்ற அனுமதியும் விடுமுறையும் கோரல். நான் தரம் 10 இல் பயில்கிறேன். எமது பாடசாலைச் சாரணர் குழுவின் உறுப்பினன். மலைநாட்டில் வியாழக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை முடியும் பாசறைக்கு எமது அணி செல்லவுள்ளது. புதன்கிழமை பாடசாலை முடிந்தபின் பஸ்ஸில் புறப்பட்டுச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை திரும்புவோம். சாரணர் பொறுப்பாசிரியர் எம்முடன் வருகிறார். வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் ஆகிய நான்கு பாடசாலை நாட்களுக்கு விடுமுறை வேண்டுகிறேன். அந்நாட்களின் கணித, விஞ்ஞானக் குறிப்புகளை நண்பனிடம் பெற்று எழுதி, அடுத்த வாரத்துக்குள் ஆசிரியர்களிடம் காட்டுவேன். எனக்கு இழுப்பு உண்டு. மருந்தை உடன் கொண்டு செல்வேன். அதைப் பாவிக்கும் முறை பொறுப்பாசிரியருக்குத் தெரியும். தாயாரின் சம்மதக் கடிதம் இத்துடன் உள்ளது. கட்டணத்தில் பாதியைத் தாயார் கட்டுவார். மீதியைக் கட்ட எம்மிடம் வசதி இல்லை. குழுவின் நிதியிலிருந்து உதவ முடியுமா?"

கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்தபோது நாம் பேசாதிருந்தோம். தாயார் தோட்டங்களில் வெங்காயம் கிண்டும் கூலி வேலைக்குச் செல்பவர். பாசறைக் கட்டணமும் பயணச் செலவும் சேர்ந்து அவருடைய எட்டு நாட் கூலி. சீருடையும் கழுத்துத் துணியும் தொப்பியும் அதற்குள் அடங்கா. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இந்தக் கணக்கு இன்னும் கடினமாகியிருக்கிறது.

சாரண இயக்கம் வெள்ளைக்கார உயர்குடியினரின் பொழுதுபோக்கு என்று நமது நண்பர்களுள் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. அதன் பிறப்பில் ஏகாதிபத்தியத்தின் வாடை இருந்தது உண்மைதான். போர்க்களத்திலிருந்து வந்த தளபதி ஒருவரின் சிந்தனையல்லவா அது! ஆயினும் இங்கு நினைக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 1907 ஓகஸ்ட் மாதம் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுண்சித் தீவில் நடத்திய முதற் பரீட்சைப் பாசறைக்குச் சுமார் இருபது சிறுவர் வந்தனர். ஒரு பகுதியினர் பணக்காரப் பாடசாலைகளின் பிள்ளைகள். ஏனையோர் அயல் நகரங்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பணக்காரப் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஒரு பவுண். மற்றவர்களுக்கு மூன்றரைச் சிலிங். ஒரு பவுணில் இருபது சிலிங் ஆதலால், ஏழைப் பிள்ளை கட்டியது பணக்காரப் பிள்ளை கட்டியதில் ஐந்திலொன்றுக்கும் குறைவு. இருவரும் ஒரே அணியில் கலந்து ஒரே கூடாரத்தில் உறங்கினர். கட்டணத்தின் அளவு முன்னரே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. தன் வறுமையைக் கடிதத்தில் எழுதிக் கெஞ்சும் நிலைக்கு எந்தப் பிள்ளையும் தள்ளப்படவில்லை.

1912 இல் மாத்தளையில் இந்த இயக்கம் இலங்கைக்கு வந்தபோது கூடாரமும் விசிலும் சபதமும் வந்தன. அந்த மூன்றரைச் சிலிங் மட்டும் நமது பல பாடசாலைகளுக்கு வந்து சேரவில்லை. இங்கே சுற்றறிக்கையில் ஒரே ஒரு தொகை இருக்கும். அது எல்லோருக்கும் சமம் என்பார்கள்.

ஆகவே அந்த இரு வாக்கியங்களையும் கடிதத்திலிருந்து நீக்குமாறு மாணவனிடம் கூறினோம். அவை பொய் என்பதால் அன்று. விடுமுறைக் கடிதம் வகுப்புத் தலைவன் கையில் போகிறது, அலுவலகத்தில் கோவையிடப்படுகிறது, இரண்டு ஆண்டுகள் கழித்தும் யாராவது புரட்டிப் பார்க்கலாம். ஒரு பிள்ளையின் வறுமை அங்கே கிடக்க வேண்டியதில்லை. பணத்தைப் பற்றிக் கேட்கவேண்டியவர் பொறுப்பாசிரியர். கேட்கவேண்டிய நேரம் கடிதங்கள் எழுதப்படுமுன். அவர் அணியில் எத்தனை பேரால் எவ்வளவு கட்ட முடியும் என்று தனித்தனியே விசாரித்து, பெயரில்லாத ஒரு கணக்காக அதிபரிடம் கொடுத்தார். பழைய மாணவர் சிலர் குறையை நிரப்பினர்.

அந்தக் கணக்கை எடுக்கும்போதுதான் வேறொன்று தெரியவந்தது. அணியில் எட்டுப் பேர். நம்மிடம் வந்திருந்த கடிதங்களோ ஐந்து. மற்ற மூவருக்கும் ஆர்வமில்லை என்று எண்ணியிருந்தோம். அவர்களுள் ஒருவனிடம் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டபோது, "காசு கட்ட ஏலாதவன் லீவு கேட்டு என்ன செய்யிறது, சேர்?" என்றான். அதிபரின் மேசைக்கு வரும் கடிதங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்த மூவரும் கண்ணில் படவே மாட்டார்கள்.

அடுத்த இரு நாட்களில் அம்மூவருள் இருவர் கடிதம் கொண்டுவந்தனர். அதிபர் ஏழு கடிதங்களின் ஓரத்திலும் 'அனுமதிக்கப்படுகிறது. பாட வேலைகள் சரிபார்க்கப்பட வேண்டும்' என்று எழுதி ஒப்பமிட்டார். இழுப்புக்காரப் பையனின் கடிதத்தில் மட்டும், மருந்து உறையின்மேல் அளவை எழுதி ஒட்டுமாறு ஒரு வரி கூடுதலாக இருந்தது. எட்டாமவனின் வீட்டுக்குப் பொறுப்பாசிரியர் நேரில் போய் வந்தார். கட்டணம் முழுவதையும் குழுவே ஏற்கும் என்று சொல்லியும் தகப்பனார் சம்மதிக்கவில்லை. காலையில் பதினான்கு ஆடுகளை அவிழ்த்து விடுவதும் மாலையில் அடைப்பதும் அந்தப் பிள்ளையின் வேலை. ஐந்து நாட்களுக்கு அதைச் செய்ய வேறு ஆளில்லை. புதன்கிழமை மாலை ஏழு பேரும் பஸ் ஏறினார்கள்.