கோலம் என்று யார் சொன்னது?

கண்காட்சி வைக்கும் ஓவியரிடம் காட்சிக்கூடங்கள் ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள் கேட்கும். ஒன்று கலைஞர் கூற்று. ஓவியரே தன்மையில் பேசுவதாக அமையும் இது, என்ன வரைகிறார், எதைக் கொண்டு வரைகிறார், அந்த வழிக்கு எப்படி வந்தார் என்பதை 200 சொல் அளவில் சொல்லும். மற்றது வாழ்க்கைக் குறிப்பு. பிறந்த ஆண்டு, ஊர், படிப்பு, கண்காட்சிகள், விருதுகள், படங்களை வாங்கி வைத்திருப்பவர்கள் என்று இது படர்க்கையில் போகும். தமிழில் மட்டுமே பேசிப் பழகிய ஓவியர் என்றால் இரண்டையும் வேறொருவர் அவர் பேச்சைப் பதிவுசெய்து எழுதித் தருகிறார்.

சென்னையில் வாழும் மூத்த ஓவியர் ஒருவருக்கு இப்படி எழுதும் வேலை இக்கட்டுரையாளரிடம் வந்தது. கையில் பழைய ஆங்கிலக் கூற்றும் குறிப்பும் இருந்தன. தேதிகளைப் புதுப்பித்தால் போதும் என்றார்கள். கூற்றின் முதல் வரி, அவருடைய கோடுகள் தாயார் வாசலில் போட்ட கோலத்திலிருந்து வந்தவை என்றது. படங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும், அறுபடாது. இவருடைய கறுப்பு மசிக் கோடு மயிரிழையாக ஓடி, இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மீண்டும் கிளைத்து, திடீரென்று நின்றுவிடும். எந்தக் கோடும் மூடுவதில்லை. ஐம்பது வருட உழைப்பைக் கண்ணால் பார்க்காமலே எழுதிய வரியாக அது பட்டது. அந்த உறுத்தல்தான் தேடலைத் தொடங்கிவைத்தது.

வாழ்க்கைக் குறிப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஓவியர் 1969 முதல் 1974 வரை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றார் என்றது அது. பணிக்கர் அக்கல்லூரியின் முதல்வராக இருந்தது 1957 முதல் 1967 வரை. ஓவியர் சேர்ந்தபோது அவர் அங்கே இல்லை. இந்த இரண்டாவது பிழையைப் பிடித்துக்கொண்டு போனால் முதலாவதும் பிடிபடும் என்று தோன்றியது. ஒரே கை இரண்டையும் எழுதியிருக்கலாம் அல்லவா?

அதனால் ஓவியர் வீட்டுப் பரணிலிருந்த அழைப்பிதழ்களும் கண்காட்சிக் கையேடுகளும் ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்டன. பின்னிருந்து முன்னால் போகப் போக, பணிக்கரிடம் பயின்றார் என்ற அதே வாக்கியம் சொல் பிசகாமல் வந்துகொண்டே இருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று அச்சாகியிருக்கிறது. மிகப் பழையது ஒரு குழுக் கண்காட்சியின் மடிப்பு அழைப்பிதழ். அதில் கல்லூரிப் பெயர் ஒரு வரி, பணிக்கர் பெயர் அடுத்த வரி, நடுவே எதுவுமில்லை. அடுத்து வந்த கையேடு இரண்டு வரிகளையும் ஒட்டி ஒரே வாக்கியமாக்கியிருந்தது. அதைத் தயாரித்தவரைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, “அந்தக் கார்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் சார் போட்டோம்” என்றார். கோலத்தைப் பற்றி அந்தத் தாள்கள் எதிலும் ஒரு சொல்கூட இல்லை. தேடல் அங்கே முட்டி நின்றது.

மிச்சமிருந்தது, முந்தைய கூற்றுக்காக எடுத்த ஒலிப்பதிவு. எழுத்தில் கிடைத்த படியில் ஓவியரின் பதில்கள் மட்டும் இருந்தன: “கோலம்தான். அம்மா தினம் போடுவாங்க.” ஒலியைப் போட்டுக் கேட்டதும் வேறொன்று வெளிவந்தது. கேட்டவர் முதலில், “இந்தக் கோடெல்லாம் கோலத்திலேர்ந்து வந்ததுன்னு எடுத்துக்கலாமா சார்?” என்கிறார். நீண்ட மௌனம். “ம்... கோலம்தான்னு வச்சுக்கலாம்” என்கிறார் ஓவியர். தாயார் கோலம் போடுவாரா என்று அடுத்த கேள்வி. தினம் போடுவாங்க என்று பதில். எழுத்தில் இறக்கியவர் கேள்விகளையும் மௌனத்தையும் “வச்சுக்கலாம்” என்பதையும் விட்டுவிட்டார். கேட்டவரின் ஊகம் ஓவியரின் வாக்குமூலமாக மாறியது. பேச்சிலிருந்து கூற்று எழுதுவதில் அடிக்கடி நேரும் பிழை இது. கேள்வி, தயக்கம், பதில் மூன்றையும் நேரத்தோடு சேர்த்து எழுதி வைத்தால்தான், எந்தச் செய்தி ஓவியர் தாமாகச் சொன்னது, எது கேட்டவர் வாயில் கொடுத்தது என்று பிரிக்க முடியும். தாமாகச் சொன்னதை மட்டுமே கூற்றில் வைக்கலாம்.

பதிவின் கடைசியில், கேள்விகள் முடிந்து தேநீர் வந்த பிறகு, ஓவியர் யாரும் கேட்காமலே, “ஈஞ்சம்பாக்கத்துல மெழுகு வேலை பார்த்தப்பதான் கை பழகுச்சு” என்கிறார். முந்தைய எழுத்தர் அதை வம்புப் பேச்சு என்று தள்ளியிருந்தார். ஈஞ்சம்பாக்கம் என்றால் சோழமண்டலம். 1966-இல் பணிக்கர் தலைமையில் தொடங்கிய ஓவியர் கிராமம். பாத்திக் துணி முதலிய கைவினைகளை விற்ற காசில்தான் அங்கே நிலம் வாங்கினார்கள். 1977-இல் மறையும்வரை பணிக்கர் அங்கேதான் இருந்தார். ஓவியர் விடுமுறைகளில் அங்கே போய் மூத்தவர் ஒருவரின் பாத்திக் வேலைக்கு ஒத்தாசை செய்திருக்கிறார். பணிக்கரைக் கண்டதும் பணிக்கர் இவர் படங்களைப் பார்த்துப் பேசியதும் அங்கேதான். அழைப்பிதழின் அந்த இரண்டு வரிகளும் தனித்தனியே சரியானவை.

அக்காலத்துக் கூட்டாளி ஒருவர், ஓவியரோடு ஒரே தொட்டியில் துணி முக்கியவர், இன்னும் இருக்கிறார். தொலைபேசியில் எதுவும் சொல்ல மறுத்துவிட்டார். “துணியைப் பார்க்காம என்னத்தைப் பேசறது? நேர்ல வாங்க.” நேரில் போனால், ஓவியரைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலே கிடையாது, மெழுகைப் பற்றியே பேசினார். தேன்மெழுகு இழைந்து கொடுக்கும், வெடிக்காது. பாரஃபின் சட்டென்று நொறுங்கும். வெடிப்புக் கோடு எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்பப் பாரஃபினைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உருக்கிய மெழுகைத் துணியில் பூசி ஆறவிட்டு, கையால் கசக்கினால் மெழுகு விரிசல் விடும். சாயத்தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் மெழுகு இளகி விரிசல் அடைபட்டுவிடும். விரிசல் வழியே சாயம் இறங்கும். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் கோடு மட்டும் நிற்கும். பேசி முடித்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்தார். வெளிர் மஞ்சளில் கருநீலக் கோடுகள்; மயிரிழையாக ஓடி, பிரிந்து, கிளைத்து, திடீரென்று நின்றன. ஓவியரின் தாளைப் பக்கத்தில் வைத்தபோது வேறு சான்று தேவைப்படவில்லை. அந்த மகிழ்ச்சியில், தவறான வரியை யார் எழுதியது என்ற ஆராய்ச்சி முக்கியமில்லாமல் போயிற்று.

அடுத்த பதிவு படங்களின் முன்னால் நடந்தது. யோசனை சொல்லும் கேள்விகள் விலக்கப்பட்டன, “இந்தக் கோடு இங்கே ஏன் நிக்குது?” என்பது போன்றவை மட்டும் கேட்கப்பட்டன. மெழுகு தடித்த இடத்தில் விரிசல் போகாது, அந்தத் தடிப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேனாவை நிறுத்துவேன் என்றார் ஓவியர். புதிய கூற்று அந்த வாக்கியத்தில் தொடங்குகிறது. துணியில் தற்செயலாக விழுந்த கோட்டைத் தாளில் அறிந்தே போடுவது என்ன வகைப் பயிற்சி என்று தொடர்ந்து, மசியையும் தாளையும் சொல்லி முடிகிறது. ஆங்கில வரைவு வரி வரியாகத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டப்பட்டது. “தேடல்”, “ஆன்மிகம்” என்று வந்த இரண்டு இடங்களில், “இது நான் சொன்னதில்ல” என்றார். அவை எடுக்கப்பட்டன. கோலமும் நீங்கியது, தாயாரின் பெயரை எங்காவது வைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதால் கண்காட்சி தாயாருக்குக் காணிக்கையானது.

வாழ்க்கைக் குறிப்பில் கல்லூரிக்கு ஒரு வரி, மதிப்பெண் சான்றிதழில் உள்ள ஆண்டுகளோடு. சோழமண்டலத்தில் பாத்திக் வேலைக்கும் பணிக்கரின் பழக்கத்துக்கும் தனி வரி. கண்காட்சிகளில் அழைப்பிதழோ கையேடோ கையில் உள்ளவை மட்டும் இடம்பெற்றன. படங்களை வைத்திருப்பவர்கள் பட்டியலுக்கும் அதே விதிதான். ரசீது இல்லாத இரண்டு பெயர்கள் அடுத்த பதிப்புக்கு நிறுத்திவைக்கப்பட்டன.