காற்று எழும்புவதற்குள்

ஆனி மாதத்தில் எங்கள் வீட்டில் விடியல் நாலரைக்கே வந்துவிடும். அப்பத்தா கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தம்தான் அலாரம். உத்தமபாளையத்துக்கு வெளியே, முல்லைப் பெரியாற்று வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு அறுபது சென்ட் வயல் இருந்தது. ஜூன் முதல் தேதி பெரியாறு அணையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தால், அது தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து லோயர்கேம்புக்கு இறங்கி, கூடலூரையும் கம்பத்தையும் தாண்டி எங்கள் மடைக்கு வரும். அந்தச் சில்லிப்பு காலில் ஏறும்போது, தண்ணீர் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை என்றே தோன்றும்.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் ஐந்து சென்ட் நாற்றங்காலில் பாவிய நாற்று ஒரு சாண் வளர்ந்து நிற்கும். நடுவைக்கு நாலு பெண்கள் வருவார்கள். அப்பத்தா அவர்களோடு ஐந்தாவது ஆளாக இறங்குவாள். வயல் அவள் பெயரில் இருந்தாலும் வரப்பில் நின்று ஏவுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்கு அப்போது பத்து வயது. நாற்று முடிகளைச் சுமந்து வந்து வயலில் ஆங்காங்கே எறிவது என் வேலை.

ஏன் அவ்வளவு விடியலில் இறங்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. வெயிலுக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். காரணம் காற்று. ஆனி ஆடியில் குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் காற்று சாதாரணமானதல்ல. தேனி மாவட்டத்தில் காற்றாலைகளை நட்டிருப்பதே அதை நம்பித்தான். காலையில் அது படுத்துக் கிடக்கும். எட்டு எட்டரைக்குத் தென்னங்கீற்று அசையத் தொடங்கும். பத்து மணிக்கு வயல்தண்ணீரில் அலை எழும்பிவிடும். அந்த அலை அப்போதுதான் ஊன்றிய நாற்றை அசைத்து அசைத்துப் பிடுங்கி, கிழக்கு வரப்போரம் கொண்டுபோய் ஒதுக்கிவிடும். காற்று வருவதற்குள் நட்ட நாற்றுக்குச் சேறு இறுகக் கொஞ்ச நேரமாவது கிடைக்க வேண்டும்.

வயலுக்குப் போய்ச் சேரும்போது மேற்கு மலை இருக்காது. மூட்டம் அதை விழுங்கியிருக்கும். மலையில் பெய்யும் சாரலின் மிச்சம் பூந்தூறலாக முகத்தில் படும். தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு வெண்மையாக ஒன்று நிற்கும். அதற்குள் கொக்குகள் காலில்லாமல் நடக்கும். பிறகு மேகமலைப் பக்கம் வெளுக்கும். முதல் வெளிச்சம் எங்கள் மேல் படாது, நேரே மேற்கு மலை உச்சியில் போய் விழும். நான் அதை நிமிர்ந்து பார்த்ததைவிடத் தண்ணீரில் பார்த்ததுதான் அதிகம். தலைகீழாக ஒரு மலை, அடியில் இளஞ்சிவப்பு, நடுவில் அப்பத்தாவின் கால்கள்.

அப்பத்தா அந்தக் கண்ணாடியை அழகுக்காகப் பார்த்ததில்லை. தொளி உழுது, கொழிஞ்சித் தழையை மிதித்துப் புதைத்து, பரம்பு ஓட்டி முடித்த வயல் சமமாக இருக்கிறதா என்று அவள் பார்ப்பது அதில்தான். மலையின் நிழல் முழுசாக விழுந்தால் வயல் மட்டம். நடுவில் கறுப்பாகத் திட்டு தெரிந்தால் அங்கே மேடு. மேட்டில் நட்டால் தண்ணீர் நிற்காது, களை முந்திக்கொள்ளும். பள்ளத்தில் நட்டால் நாற்று மூழ்கும். "மல ஒடஞ்சு தெரியுது பாரு, அங்கிட்டுக் கொஞ்சம் இழுத்து விடு" என்பாள். மண்வெட்டியோடு நான் ஓடுவேன். பிறகு வாமடையைத் திறந்து, விரல் கணு அளவுக்குத் தண்ணீரை வடியவிட்டுவிட்டுத்தான் நடுவையைத் தொடங்குவார்கள்.

அவள் குனிவதை நான் பலமுறை பார்த்து நின்றிருக்கிறேன். முதுகை வளைக்க மாட்டாள். இடுப்பிலிருந்து அப்படியே மடிவாள், கதவு கீலில் மடிகிற மாதிரி. முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கும். இடது முழங்கை தொடையில் ஊன்றியிருக்கும். நாற்று முடி அந்தக் கையில். இடது கட்டைவிரல் முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைத் தள்ளிக் கொடுக்க, வலது கை வாங்கி ஊன்றிவிட்டுத் திரும்பியிருக்கும். வரிசைக்கு வரிசை ஒரு சாண், குத்துக்குக் குத்து அரைச் சாண். எல்லாம் பின்பக்கமாகவே நகரும். முன்னால் போனால் நட்டதை மிதிக்க வேண்டியதுதான். குனிந்தவள் வரப்பு முட்டும்வரை நிமிர மாட்டாள். "நிமுந்து நிமுந்து குனிஞ்சாத்தான்டா வலி. குனிஞ்சே இருந்தா இடுப்புக்குத் தெரியாது" என்பாள். ராத்திரி அதே இடுப்புக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவதும் நான்தான்.

அந்த வருஷம் நானும் நடுவேன் என்று அடம்பிடித்தேன். வரப்போரமாக நாலு வரிசை கொடுத்தாள். குனிந்ததும் முதல் சிக்கல், தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது; விரல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சேற்றின் மேலேயே நாற்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பத்து மணிக்குக் காற்று வந்தது. மத்தியானம் பார்த்தால் என் வரிசையில் பாதி வேர் மேலே தெரிய வரப்போரம் மிதந்தது.

"பெரண்டு கெடக்கு பாரு ஒன் வெள்ளாம" என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மிதந்ததைப் பொறுக்கி, இனி எந்தக் காற்று வந்தாலும் அசையாதபடி கட்டைவிரல் முழுக்கப் புதையும்வரை அழுத்தி ஊன்றினேன். மறுநாள் ஒன்றுகூட மிதக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பத்தாம் நாள் மற்ற வரிசைகளில் மஞ்சள் மாறிப் பச்சை பிடித்தது. என்னுடையது அப்போதும் வெளிறி நின்றது. ஒரு மாதம் கழித்து அப்பத்தா என் குத்து ஒன்றையும் அவள் குத்து ஒன்றையும் வேரோடு பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடையதில் தூர் சேற்றின் மேல்மட்டத்திலிருந்தே விசிறி மாதிரி விரிந்திருந்தது. என்னுடையதில் சேற்றுக்குள் புதைந்த தண்டு வெள்ளையாக நீண்டு, மேலே ஏறி வந்து, அங்கே புதிதாக வேர்விட்டு, அதன் பிறகுதான் கிளைக்கத் தொடங்கியிருந்தது. மேலே வந்து சேர்வதற்கே அதன் நாட்கள் போய்விட்டன. குறுவயது நெல்லுக்கு ஒரு வாரம் பிந்துவது பெரிய இழப்பு. பின்னால் வரும் தூர்களில் பல கதிர் வாங்காது.

"எவ்வளவு ஆழந்தான் ஊனணும்?" என்று கேட்டேன்.

என் கட்டைவிரலைப் பிடித்து நகத்துக்குக் கீழே உள்ள முதல் ரேகையை நகத்தால் கீறிக் காட்டினாள். ஒரு அங்குலம் இருக்கும். "சேத்துக்குள்ள வெரலு போறது கண்ணுக்குத் தெரியாது. வெரலுக்குத்தான் தெரியும்" என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் அறுப்பு. அரிவாள் வைப்பதற்கு முன் நானே எண்ணிப் பார்த்தேன். அவள் குத்தில் பதினொன்று, பன்னிரண்டு கதிர். என் குத்தில் நாலு, சிலவற்றில் மூன்று. அப்பத்தா அந்த நாலு வரிசையைத் திட்டவுமில்லை, ஒதுக்கவுமில்லை. சேர்த்தே அறுத்துக் களத்துக்கு அனுப்பினாள்.

இரண்டாம் போகத்துக்கு நாற்றுப் பாவிய அன்று அவளாகவே சொன்னாள்: "இந்தத் தடவ நீ முடி எறிஞ்சாப் போதும்யா."

எறிந்தேன்.